வாசம் தெரியாத மாஸ்டரின் கேசரி

சமையல் மாஸ்டர் திருமூர்த்திக்கு மூன்று வருடங்களாக வாசனை தெரியாது. அவருடைய கேசரிக்குப் பெயர் வந்ததும் அந்த மூன்று வருடங்களில்தான்.

தொண்ணூற்றொன்றில் ஒரு கல்யாணத்துக்குத் தேங்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தபோது, காங்கயம் ரோட்டில் மொபெட் சறுக்கிப் பின்மண்டையில் அடிபட்டார். ஐந்து தையல். காயம் ஆறியது. ஆனால் காபித்தூள், மல்லித்தழை, பக்கத்து வீட்டுக் கருவாடு எல்லாம் ஒரே நாளில் அவர் உலகத்தைவிட்டுப் போய்விட்டன. "திரும்ப வரலாம்" என்றார் டாக்டர். வரவில்லை.

இதை அவர் வீட்டுக்காரியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. காது கேட்காத தவில்காரரையாவது யாராவது ஒரு கச்சேரிக்குக் கூப்பிடலாம்; மூக்கு செத்த சமையல்காரரைக் கல்யாணத்துக்கு எவன் கூப்பிடுவான்? அதனால் மூக்கு இருந்த காலத்தில் செய்யாத ஒரு காரியத்தை மூக்கு போனபிறகு செய்ய ஆரம்பித்தார். ஒவ்வொரு போசியின் மூடியைத் திறந்ததும் குனிந்து, கண்ணை மூடி, ஆழமாக மோந்து, "ம்ம்" என்று தலையாட்டுவார். பார்க்கிறவர்களுக்கு மெய்சிலிர்க்கும்.

உள்ளே நடந்தது வேறு. முன்பெல்லாம் எல்லாமே அவருக்குக் கைப்போக்கு. மூக்கு கைவிட்டதும் படியைப் பிடித்துக்கொண்டார். ஒரு படி ரவைக்கு மூன்று படி தண்ணீர், ஒன்றரைப் படி சர்க்கரை, முக்கால் படி நெய். கலர்ப்பொடியை ரவையில் தூவக் கூடாது. கொதிக்கிற தண்ணீரிலேயே கரைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓரிடம் சிவந்தும் ஓரிடம் வெளுத்தும் கேசரி தேமல் விழுந்த மாதிரி இருக்கும். இந்தக் கணக்கை ஒருநாளும் மீறவில்லை. உணர்ந்து சமைத்த காலத்தில் பத்துக்கு ஆறு தடவை நன்றாக வந்த கேசரி, உணராமல் சமைத்தபோது பத்துக்குப் பத்தும் நன்றாக வந்தது. கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், கவனிக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு இடம்தான் கணக்குக்குள் வராது. ரவை வறுபடுவது. கேசரிக்கு ரவை சிவக்கக் கூடாது, அதனால் கண்ணால் பிரயோசனமில்லை. மற்ற சமையல்காரர்களுக்கு வாசம் வந்ததும் தெரிந்துவிடும். திருமூர்த்தி காதை வைத்துக்கொண்டார். பச்சை ரவை நெய்யில் புரளும்போது ஈரமணல் மாதிரிச் சத்தமில்லாமல் கனமாக நகரும். வறுபட வறுபடக் கனம் குறைந்து, கரண்டி போகிற வழியெல்லாம் சரசரவென்று கூடவே ஓடும். அந்தச் சரசரப்பு வடச்சட்டி முழுக்க ஒரே மாதிரி கேட்டால் இறக்கலாம். காது அவரை ஏமாற்றியதில்லை.

தொண்ணூற்று நாலு ஐப்பசியில், வெள்ளகோவிலுக்குப் பக்கத்துத் தோட்டத்து வீட்டுக் கல்யாணத்தில், அந்தக் காதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள். மாப்பிள்ளை வீட்டார் கொடுமுடியிலிருந்து இரண்டு பஸ்ஸில் நாலு மணிக்கு வருகிறார்கள். வந்து இறங்கியதும் கேசரி, உளுந்துவடை, காபி. பந்தலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அடுப்பு. கொட்டகையை ஒட்டி ஒரு வேப்பமரம். அதன் கிளையில், அடுப்பைப் பார்த்தபடி, மைக்செட் இல்யாஸ் ஒரு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிப் பாட்டைப் போட்டுவிட்டார். தகரமே அதிர்ந்தது.

திருமூர்த்தி வெளியே வந்து கையை ஆட்டினார். "ஏனுங்க பாய், அதைக் கொஞ்சம் அந்தப்பக்கமாத் திருப்பி வெய்ங்க!"

"நானா வெச்சேன்? மாமன்காரரு சொன்னாருங்க. கரூர் ரோட்டுல போற லாரிக்காரனுக்குக் கேக்கோணுமாம்!"

மாமன்காரர் என்றால் பெண்ணின் தாய்மாமன் சென்னியப்பன். செலவு அவருடையது அல்ல என்பதால் எல்லாவற்றையும் தாராளமாகச் செய்துகொண்டிருந்தார். அவரே கொட்டகைக்கு வந்தார்.

"பாட்டு இல்லாம கண்ணாலம் என்னங்க மாஸ்டர்? சமையலுக்கு மூக்கும் நாக்கும்தானே வேணும், காது எதுக்கு? அப்புறம், கலர் கொஞ்சம் தூக்கலாப் போடுங்க. செவசெவன்னு இருக்கோணும்."

"ரொம்பப் போட்டாக் கசக்குமுங்க. விரல்ல ஒட்டுனா நாலு நாளைக்குப் போகாது."

"போகலைன்னா நல்லதுதானுங்க. நாலு நாளைக்கு நம்ம ஊட்டுப் பேரச் சொல்லுவாங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். கலர் வழக்கமான அளவுதான் விழுந்தது.

பத்துப் படி ரவை. ஐந்து ஐந்தாக இரண்டு ஈடு. கூட இருந்தது ரங்கம்மாள். ஆறு வருடமாக அவரோடு வருகிறாள்: அரைப்பது, கழுவுவது, அள்ளிக்கொடுப்பது. கிளறுகிற துடுப்பு அவள் கைக்கு வந்ததில்லை. பெரிய போசியில் பெண்பிள்ளை துடுப்புப் போடுவதில்லை என்பது யாரும் எழுதாத சட்டம். எழுதியிருந்தால் யாராவது திருத்தியிருக்கலாம்.

நெய்யில் ரவை விழுந்தது. திருமூர்த்தி கரண்டியை ஓட்டினார். காதுக்குள் பாட்டு மட்டும். தலையைச் சட்டிக்கு நேராகச் சாய்த்தார். ஆவிதான் முகத்தில் அடித்தது. வேறு வழியில்லாமல் மேலே இருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். பொலபொலவென்று உதிர்ந்தது. சரி என்று இறக்கினார்.

சிட்டிகை மேலே இருக்கிற ரவையைப் பற்றித்தான் சாட்சி சொல்லும். ஐப்பசி ஈரத்தில் மூட்டையிலேயே நமத்திருந்த ரவை. அடியிலும் நடுவிலும் பாதி பச்சையாகத்தான் கிடந்தது.

பக்கத்து அண்டாவில் பதினைந்து படி தண்ணீர், கலர் கரைந்து, தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. வழக்கம்போல ரங்கம்மாள் ரவையை மழைத்தூறலாகத் தூவினாள். அவர் துடுப்பை நிறுத்தாமல் சுற்றினார். பாதி தூவியபோதே துடுப்பு இடறியது. நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. அப்புறம் நாலு. அப்புறம் எண்ண முடியவில்லை. வறுபடாத ரவை கொதிநீரைக் கண்டதும் மேலே பசை கட்டி, உள்ளே மாவைப் பூட்டிக்கொண்டு உருண்டுவிட்டது.

மீதி ரவையையும் தூவிவிட்டு, ரங்கம்மாள் அடுத்துச் செய்ய வேண்டியதைச் செய்தாள். சர்க்கரைக் கூடையைத் தூக்கினாள். திருமூர்த்தி கூடையின் விளிம்பைப் பிடித்து நிறுத்தினார்.

சர்க்கரை விழுந்துவிட்டால் கதை முடிந்தது. அப்புறம் ரவை தண்ணீரை வாங்காது. வெந்தது வெந்தது, வேகாதது வேகாததுதான். கட்டிக்குள் இருக்கிற பச்சை மாவு இனிப்பு தடவிய பச்சை மாவாக இலைக்குப் போகும். சர்க்கரை போடும்வரைக்கும்தான் மன்னிப்பு.

அடுப்பைத் தணித்தார். துடுப்பின் முதுகால் ஒவ்வொரு கட்டியாக அண்டாவின் பக்கவாட்டில் வைத்து நசுக்கினார். ரங்கம்மாள் சொல்லாமலே பெரிய கரண்டியோடு எதிர்ப்பக்கம் நின்று நசுக்கினாள். இடையிடையே ஒரு சொம்பு கொதிநீர். வியர்வை அண்டாவில் விழாமல் இருக்கத் தோளில் தேய்த்துக்கொண்டார். கால் மணிநேரத்தில் கட்டி என்று சொல்லும்படி எதுவும் துடுப்பில் தட்டவில்லை. மூடிவைத்து ஆவியில் விட்டார்.

இனிமேல்தான் சிக்கல். சர்க்கரையை எப்போது போடுவது? சாதாரண நாளில் மூடிவைத்து எண்பது எண்ணினால் போதும். இன்றைய ரவை பாதி வெந்தது, பாதி பிந்தியது. இதற்கு எண்ணிக்கை கிடையாது. பச்சை வாசம் போயிருந்தால் வெந்தது என்று அர்த்தம். வாயில் போட்டுப் பார்த்தார். சூடும் மிருதுவும் தெரிந்தன. பச்சையா வெந்ததா என்பது நாக்கு தனியாகச் சொல்கிற சமாச்சாரம் இல்லை.

மூன்றே முக்கால். மூடியைத் திறந்து, பழக்கத்தில் குனிந்து, கண்ணை மூடி மோந்தார். கண்ணைத் திறந்தால் ரங்கம்மாள் கூடையோடு அவர் தலையாட்டலுக்காக நின்றாள். ஒரு தலையாட்டு போதும். யாருக்கும் எதுவும் தெரியாது, கொடுமுடிக்காரர்கள் வாயில் வைக்கிறவரைக்கும்.

"ரங்கம்மா, நீ மோந்து பாரு!"

"என்னங்க?" பாட்டில் அவளுக்குக் கேட்கவில்லை.

"மோந்து பாரு, பச்சை வாசம் இருக்கான்னு!"

"நீங்கதான் பாத்தீங்களே!"

"எனக்குத் தெரியாது!"

"என்ன தெரியாதுங்க?"

"வாசம் தெரியாது! மூணு வருசமா எனக்கு மூக்கே கெடையாது!"

பாட்டைத் தாண்டுவதற்காக அவர் போட்ட சத்தம் பாட்டைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. இலை துடைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்தார்கள். வாசலில் வந்து நின்ற சென்னியப்பனும் கேட்டார்.

ரங்கம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். அண்டாமேல் குனிந்து மோந்தாள். "மாவு வாசம் அடிக்குதுங்க." மூடினாள். கொஞ்சநேரம் கழித்துத் திறந்தாள். "இன்னும் துளி இருக்குது." மூன்றாவது தடவை, "போட்டுடலாமுங்க."

சர்க்கரை விழுந்தது. கேசரி சட்டென்று இளகித் தண்ணீராகி, பயமுறுத்தி, மறுபடி இறுகத் தொடங்கியது. நெய்யைப் பகுதி பகுதியாக விட்டார். துடுப்பில் ஒட்டாமல் சுருண்டு வந்தது. ஏலம், முந்திரி, திராட்சை. இரண்டாவது ஈட்டுக்கு ரவை வறுத்தபோது அவள் சட்டிப் பக்கத்திலேயே நின்றாள். அவர் அடிவரை கிளறினார். அவள் "ஆச்சுங்க" என்றதும் இறக்கினார். அந்த ஈட்டில் ஒரு கட்டிகூட இல்லை.

சென்னியப்பன் மட்டும் வாசலைவிட்டு நகரவில்லை. "ஏனுங்க மாஸ்டர், மூக்கில்லாமயா எங்க ஊட்டுக் கண்ணாலத்துக்கு ஒத்துக்கிட்டீங்க?"

"ஆமாங்க."

"இதை முன்னாடியே சொல்றதில்லையா?"

"சொல்லியிருந்தாக் கூப்பிட்டிருப்பீங்களா?"

நேர்மையான மனிதர்கள் சங்கடத்தில் செய்வதைச் சென்னியப்பன் செய்தார்: முதல் ஈட்டிலிருந்து ஒரு கரண்டி வாங்கித் தின்றார். இன்னொரு கரண்டி வாங்கினார். "கலர்தான் கம்மி" என்றார்.

பஸ்கள் நாலரைக்குத்தான் வந்தன. கொடுமுடிக் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேசரியை முடித்துவிட்டுக் கை கழுவாமலே கொட்டகைக்கு வந்தார். பேர் அங்கப்பன், தை மாதம் பேத்திக்குக் கல்யாணம் வைத்திருந்தார்.

"யாருங்க இங்க மாஸ்டர்?"

திருமூர்த்தி சென்னியப்பனைப் பார்த்தார். இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காங்கயத்திலிருந்து கொடுமுடி வரைக்கும் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

சென்னியப்பன் தொண்டையைச் செருமினார். "இவருதானுங்க மாஸ்டர்" என்றார். பிறகு, மனம் கேட்காமல், "இந்த அம்மணியையும் சேத்துக் கூட்டிக்கோங்க. ரெண்டு பேரும் சேந்துதான் ஒரு ஆளு" என்றார்.

அங்கப்பன் அதற்கு அர்த்தம் கேட்கவில்லை. தேதியைச் சொல்லிவிட்டுப் போனார்.

திருமூர்த்தி ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். "என்ன ரங்கம்மா, தையில கொடுமுடிக்கு வாரியா? அடுப்புக்கிட்டயே நிக்கலாம். எல்லாப் போசியையும் நீ மோந்து சொல்லு, நான் இறக்கறேன்."

"வாரேனுங்க" என்றாள் ரங்கம்மாள். "ஆனா வெங்காயம் அரியறதுக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க. வெங்காயம் அரிஞ்சா எனக்கு மூக்கு ஒழுகும்."