சீல் உடைந்த டப்பா

கட்டுகஸ்தோட்டை வீட்டின் முன்னறையில் இருந்துகொண்டே சித்தி றலியா என்பவள் ஜிம் பையன்களுக்குப் புரோட்டீனும் கிரியேட்டினும் ஒன்லைனில் விற்றாள். கணவன் கத்தாரில். விற்பனைக்கான இணையப் பக்கத்தில் அவளுடைய படமில்லை. எல்லோரும் "அண்ணே" என்றுதான் எழுதினார்கள். அவள் திருத்தப் போனதில்லை.

2018 மார்ச் கலவரத்தில் கண்டிப் பக்கத்துத் திகனயில் முஸ்லிம் கடைகள் எரிக்கப்பட்டபோது, சரக்குப் பெட்டிகளை மதிலுக்கு மேலால் அடுத்த வீட்டு செசிலியாவிடம் கொடுத்துவிட்டு, பிள்ளைகளோடு மாவனல்லைக்குப் போனாள். ஊரடங்கு தளர்ந்ததும் திரும்பிவந்து, பெட்டிகளை வாங்கி, வந்திருந்த ஓர்டர்களை அனுப்பிவைத்தாள்.

புசல்லாவையிலிருந்து அழகர் என்பவரின் மின்னஞ்சல் வந்தது.

"அண்ணே, நீங்க அனுப்புன கிரியேட்டின் டப்பா மூடியத் தெறந்தா, உள்ள ஈயத்தாள் சீல் பாதி உரிஞ்சி, திரும்ப அமுக்கி வச்சிருக்கு. தூள் கட்டி கட்டியா இருக்கு. நான் பசங்களுக்குப் பயிற்சி குடுக்கிறவன். இத ஒருத்தன் குடிச்சு ஏதாச்சும் ஆனா யாரு பதில் சொல்றது? படம் அனுப்பியிருக்கேன். பெட்ச் நம்பரும் இருக்கு. வெளக்கம் சொல்லுங்க, இல்லன்னா இங்க இருக்கிற ஜிம்காரங்க எல்லாருக்கும் சொல்லிடுவேன்."

அவர் அப்படிச் சொன்னால் விற்பனைப் பக்கத்தையே மூடிவிட வேண்டியதுதான். கொழும்பு இறக்குமதிக்காரரைக் குற்றஞ்சாட்டி ஒரு கடிதம் அடித்தாள். அனுப்புமுன், மிச்சமிருந்த அதே பெட்ச் டப்பாக்களின் மூடிகளைத் திறந்து பார்த்தாள். அந்த வகைக்கு வெளியில் பிளாஸ்டிக் பட்டி கிடையாது; அதனால் அனுப்பும்போது உள்ளே பார்க்கும் பழக்கமும் அவளுக்கு இல்லை. எல்லாச் சீல்களும் இறுக்கமாக இருந்தன. கொழும்புக் கடிதத்தை அழித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனாள்.

செசிலியா மாநகரசபையில் வேலைசெய்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக்காரி. கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அன்ரி, டப்பாவ யாரும் தொறந்தாங்களா?"

"ஓம், நான்தான். ஒண்டு."

"ஏன் அன்ரி?"

"எண்பத்து மூண்டுக் கலவரத்துக்குப் பிறகு எங்கட வீட்டைச் சோதிக்க வந்த ஆமிக்காரங்கள் பல்லுப் பவுடரையும் கொட்டிப் பாத்தவங்கள். இதென்ன தூள் எண்டு பாக்க வேண்டாமே? மணமுமில்லை. வெடிமருந்துதான் எண்டு நினைச்சன்."

"வெடிமருந்தா! நெனச்சிட்டு என்ன செஞ்சீங்க?"

"திரும்ப மூடிப்போட்டு, கட்டிலுக்குக் கீழ தள்ளினன்."

"அந்தக் கட்டில்லயா படுத்தீங்க?"

"பின்ன? நிலத்தில படுத்தா நாரி நோகும், பிள்ளை."

"வெளிய எறிஞ்சிருக்கலாமே!"

"நீ நம்பித் தந்த சாமானெல்லோ. எறிஞ்சா நீ வந்து கேக்கேக்க என்னத்தைச் சொல்லுறது?" கீரைத் தண்டை முறித்தார். "சரி, இப்பவாவது சொல்லு. என்னது அது?"

"ஜிம் போற பொடியங்க தண்ணில கலக்கிக் குடிக்கிறது, அன்ரி. பலத்துக்கு."

"கறுமம்! வெடிக்காதெண்டு தெரிஞ்சிருந்தா நிம்மதியா நித்திரை கொண்டிருப்பன்."

றலியா கீரைச்சாறு படிந்த அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெடிக்கும் என்று நம்பிக்கொண்டே அதன்மேல் படுத்து எழும்பியிருக்கிறது, இந்த மெலிந்த உடம்பு.

வீட்டுக்கு வந்து அழகருக்கு எழுதினாள்: தவறு கம்பனியுடையது அல்ல. கலவரத்தின்போது எங்கள் பொறுப்பில் இருக்கையில் சீல் திறக்கப்பட்டது. பார்க்காமல் அனுப்பியது என் பிழை. தயவுசெய்து அதைப் பாவிக்க வேண்டாம். கூரியர்காரர் திருப்பி எடுக்க வருவார், செலவு என்னுடையது. பதிலுக்கு அனுப்பும் புதியதன் சீலைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன். திறந்தவர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கீழே, முதல் தடவையாக, சித்தி றலியா என்று பெயரிட்டாள்.