வெட்டுப்பட்ட ஓரம்

தி.நகர் புடவைக் கடையில் பல வருஷமாக நிற்கிறேன். வாடிக்கையாளர்களுக்குப் புடவையைப் படம் பிடித்து அனுப்புவதும் என் வேலைதான். அனுப்புமுன் விலைச்சீட்டு தெரியாமல் வலது ஓரத்தை வெட்டிவிடுவேன். கை பழகிப்போச்சு.

போன வருஷம், நாற்பது வயதில், பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையைத் தனித்தேர்வராக எழுத இறங்கினேன். ஏற்கெனவே ரெண்டு தடவை கோட்டை விட்டாச்சு. பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம், நந்தனம் டுடோரியலில் தந்த மாதிரித் தாளில் ஒரு கணக்கைப் போட்டேன். எக்ஸின் மதிப்பு 2, 5 என்று வந்தது. இதுவும் தப்பானால் ஹால் டிக்கெட்டைக் கிழித்துப் போடுவது என்று முடிவே பண்ணிவிட்டேன். சரிபார்க்க, முன்பு என்னோடு அதே கவுண்டரில் நின்ற தோழிக்குக் கேள்வியைப் படம் பிடித்து அனுப்பினேன். இப்போது ராயப்பேட்டையில் டியூஷன் எடுக்கிறாள். என் விடையை மட்டும் சொல்லவில்லை.

பதிலில் 3, 4 என்றிருந்தது. கண் முதலில் அங்கேதான் போனது. ஹால் டிக்கெட்டைக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் அதற்கு மேலே அவள் எழுதியிருந்ததைப் படித்தேன்:

"x² − 7x + 1 வரைக்கும்தான் தெரியுது. ஒண்ணுக்கு அப்பால ஒரு எண் வெட்டுப்பட்டுக்கீது. '= 0'-வும் காணோம். 12-ன்னும், சமம் பூஜ்யம்னும் வச்சிக்கினு போடறேன். 10-ஆ இருந்தா விடை வேற: 2, 5. தாளைப் பாத்துக்கோ."

போனில் வெட்டாத படத்தைத் தேடித் திறந்தேன். 10! பெருக்கினால் பத்து, கூட்டினால் ஏழு. என் கணக்கு சரி. என் கைதான் தப்பு.

உடனே அவளைக் கூப்பிட்டேன். "ஏண்டி, நேரா ஒரு விடையைச் சொல்லக்கூடாதா? உயிரே போயிடுச்சு."

"ஓரத்த வெட்டி அனுப்பினா நான் இன்னா பண்றது? கணக்குல இன்னா வெலச்சீட்டா தொங்குது?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முதலில் எதை வச்சிக்கினு போட்டாள் என்று சொல்லாமல் வெறும் 3, 4-ஐ அனுப்பியிருந்தால், மறுநாள் காலை நான் பரீட்சைக்குப் போகாமல் கடைக்குத்தான் போயிருப்பேன். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று எழுத அவளுக்கு ஒரு வரிதான் ஆச்சு. அந்த ஒரு வரிக்கு நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை.

மறுநாள் போய் எழுதினேன்.

முடிவு வந்த அன்று, கடையில் புடவைகளுக்கு நடுவே நின்று போன் திரையைப் படம் பிடித்து அவளுக்குத்தான் முதலில் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது:

"உன் பேரு தெரியுது. மார்க்கும் தெரியுது. அப்பால பாஸா ஃபெயிலான்னு இருக்கிற கட்டத்த வெட்டிட்ட. பாஸுன்னு வச்சிக்கிறேன். இல்லாங்காட்டி சொல்லு."