அண்ணன் போட்ட சுற்றறிக்கை

சங்க விதிப்படி செயலாளர் என்பவர் ‘குடியிருப்பின் சகல நிர்வாக அதிகாரங்களும் உடையவர்’. அந்த நாற்காலியில் இருந்தவரோ, சொந்த வீட்டில் டிவி ரிமோட்டைக்கூடக் கேட்டு வாங்குகிற ஓய்வுபெற்ற தபால்காரர்.

பொதுத்தொட்டியில் தண்ணீர் இறங்கினால் மேல்மாடிக் குழாய்தான் முதலில் அழும். மேல்மாடி அவருடையது. கீழ்வீட்டுப் பல்மருத்துவர் தினமும் காலையில் ஹோஸ் பிடித்துக் கார் கழுவுவதுதான் காரணம் என்பது ஊரறிந்த ரகசியம். ஆனாலும் யார் மனமும் புண்படக் கூடாதே! மூன்று முறை அடித்துத் திருத்தி, வாசலில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்: ‘காலையில் எல்லோருக்கும் தண்ணீர் எட்ட, வண்டி கழுவ ஹோஸுக்குப் பதில் ஒரு வாளி பயன்படுத்துவோம். நன்றி.’

மறுநாள் பல்மருத்துவர் அதை நின்று வாசித்தார். கையில் ஹோஸ் ஓடிக்கொண்டிருந்தது.

“பிரமாதம்ண்ணே! சில பேருக்கு இப்படி எழுதிப்போட்டாத்தான் உறைக்கும்.”

“ஆமாங்க தம்பி…” என்றார் செயலாளர்.

மேலேயிருந்து மனைவியின் குரல் வந்தது. “ஏங்க, மூஞ்சி முழுக்க சோப்பு! உங்க சுற்றறிக்கையை வச்சா கழுவிக்கறது?”

சகல அதிகாரங்களும் உடையவர் ஹோஸைத் தாண்டிப் போய், மோட்டாரை மறுபடி போட்டார்.