சாக்கு மேல் விழுந்த பழி

பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. கிடங்கில் எல்லோருக்கும் அவர் மூக்கர். மூக்கு கொஞ்சம் பெரியது என்பது பாதிக் காரணம். பத்தொன்பது வருடமாகத் தானியக் கிடங்குகளை மூடி, உள்ளே விஷவாயு விட்டுப் பூச்சி கொல்வது அவர் தொழில். வாயு கசிந்தால் கருவி காட்டுவதற்கு முன்னே அதன் பூண்டு நாற்றத்தை மோப்பம் பிடித்துவிடுவார் என்பது மீதிக் காரணம். முகமூடி காற்றுப் புகாமல் உட்கார வேண்டும் என்பதற்காகத் தினமும் மீசை தாடி மழித்துவிட்டுத்தான் வேலைக்கு வருவார். "மாப்பிள்ளை வந்துட்டாருடா" என்று சுமை தூக்குகிறவர்கள் தினமும் கேலி செய்வார்கள். அவரும் தினமும் சிரிப்பார்.

அன்று சாயங்காலம் அவர் சிரிக்கவில்லை.

இரண்டு வருட வறட்சிக்குப் பிறகு முதல் அறுவடை. மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பதினாறு லாரி கோதுமை வருகிறது. பாதி சாப்பாட்டுக்கு, பாதி அடுத்த விதைப்புக்கான விதை. இந்த ஜில்லாவில் வேறு விதை கிடையாது. போன வாரம் அவர் கிடங்கைக் கூட்டி, அடைத்து, வாயு விட்டு, ஐந்து நாள் கழித்துத் திறந்து, காற்றாட வைத்திருந்தார். தரையில் கிடந்ததெல்லாம் செத்துக் கிடந்தது. அதையும் வாரிக் கொட்டியாயிற்று. "உயிருள்ள பூச்சி இல்லை" என்ற சான்றிதழில் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

கடைசியாக ஒரு சுற்றுப் பார்க்கலாம் என்று சுவரோரம் டார்ச் அடித்துக்கொண்டே போனவர், வடக்கு மூலையில் குனிந்து நின்றுவிட்டார். கூட்டித் துடைத்த தரையில், சுவரின் கீழ் விரிசலுக்கு முன்னால், சின்னதாய், பழுப்பாய், மயிர் மயிராய் ஒன்று. விரல் நுனியில் ஒட்டி எடுத்தார். எடையே இல்லை. உள்ளே எதுவும் இல்லாத வெறும் தோல். சேமித்த தானியத்தை அழிக்கும் கப்ரா வண்டின் புழு கழற்றிப் போட்ட சட்டை.

மேலாளர் பின்னால் வந்தார். "என்னய்யா, புதையலா?"

"தோல் சார்."

"வெறும் தோல்தானே? இந்தக் கிடங்குல கூடைகூடையா வாரலாமே."

"நேத்து சாயங்காலம் இந்தத் தரையை நான்தான் சார் கூட்டினேன். அப்ப இது இல்ல. செத்தவன் சட்டை கழட்ட மாட்டான்."

மேலாளர் சிரித்தார். "ரெண்டு வருஷமா இங்க ஒரு மணி தானியம் கிடையாது. எதைத் தின்னு உயிரோட இருக்கும்? வெளியிலேர்ந்து ஏதாவது வண்டு பறந்து வந்திருக்கும். காலையில கையெழுத்தோட வாங்க."

பறந்து வந்திருக்காது. அந்த வண்டு பறக்காது என்பது மூக்கருக்குத் தெரியும். பறக்காத பூச்சி என்றால் ஒன்று யாராவது கொண்டுவந்திருக்க வேண்டும். இல்லை, முதலிலிருந்தே இங்கேயே இருந்திருக்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்பும் இதே கிடங்குதான், இதே சான்றிதழ்தான். அவர் கையெழுத்துப் போட்ட ஏழாவது வாரம் மூட்டைகளின் மேல் பழுப்புப் புழுக்கள் போர்வை மாதிரி ஊர்ந்தன. விசாரணை வைத்தார்கள். கிடங்கு சுத்தமா என்று அவரைக் கேட்டார்கள். சுத்தம் என்றார். அப்படியானால் பூச்சி எப்படி வந்தது? காலிச் சாக்குகளில் வந்தது என்று தீர்மானமாயிற்று. காலிச் சாக்கை உதறி வெயிலில் காய வைப்பது பெண்கள் வேலை. அவர்களுக்குத் தலைவியாக இருந்தவளை ஒரே கடிதத்தில் வெளியே தள்ளினார்கள். தொழிற்சங்கத்துக்காரர்கூட அவளுக்காக வாய் திறக்கவில்லை. படிக்காதவள், தினக்கூலி, பெண். பழி போட அதைவிடத் தோதான தோள் எங்கே கிடைக்கும்? ஒரு சிலர் இன்னும் மேலே போனார்கள். தானியத்தில் பூச்சி தானாகவே பிறக்கும், அவள் கை ராசியில்லாத கை என்றார்கள். அதைச் சொன்னவர்கள் படித்தவர்கள்.

வெளியேறும்போது அவள் சொன்னதை அவர் மறக்கவில்லை. "தப்பு பண்ணவங்களுக்கு ஒரு சாக்கு வேணும்ல. நானே சாக்குக்காரி. வசதியாப் போச்சு."

வீட்டுக்குப் போனதும் சாப்பிடாமல், முகமூடிப் பெட்டியின் அடியில் கிடந்த பயிற்சிக் குறிப்பைத் தேடி எடுத்தார். போன வருடம் வேளாண் கல்லூரிக்காரர்கள் இரண்டு நாள் வகுப்பு எடுத்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பில் அவர் நன்றாகத் தூங்கினார். தூங்கிய வகுப்பின் தாள்தான் இப்போது வேண்டியிருந்தது.

டயபாஸ் என்று தலைப்புப் போட்டிருந்தது. வெறும் தூக்கம் இல்லை, வளர்ச்சியையே நிறுத்தி வைத்துக்கொள்வது. கூட்டம் நெரிந்தால், இரை குறைந்தால், கழிவு சேர்ந்து இரை கெட்டால், குளிர் வந்தால், கப்ரா புழு கூட்டுப்புழு ஆகாமல் விரிசலுக்குள் போய் ஒடுங்கிவிடும். மூச்சைக் குறைத்துக்கொள்ளும். எப்போதாவது வெளியே வந்து கிடைத்ததைக் கொறிக்கும், தோலுரிக்கும், திரும்பப் போய் ஒடுங்கும். இப்படியே வருடக்கணக்கில் இருக்கும். மூச்சுக் குறைவு என்பதால் வழக்கமான அளவு வாயு அதைக் கொல்லாது. வெப்பமும் புது இரையும் வந்ததும் ஒடுங்கியதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் எழும். பஞ்சம் முடிந்து முதல் தானியம் வரும் நாள்தான் மிக ஆபத்தான நாள். அந்த வரியின் கீழ் யாரோ கோடு போட்டிருந்தார்கள். அவர் இல்லை. அவர்தான் தூங்கினாரே.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, முகம் செத்துக் கிடக்கு?"

சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அப்ப அன்னிக்கும் சுவத்துலதான் இருந்துச்சா?"

"இருந்திருக்கும்."

"உண்மையைச் சொன்னா லைசென்ஸ் போயிடுமா?"

"போகலாம்."

"அந்தச் சாக்குக்காரி பஸ் ஸ்டாண்டுல கழிப்பறை கழுவுறா. போன மாசம் பார்த்தேன். உங்களை நல்லாருக்காரான்னு கேட்டா" என்றாள். பிறகு எழுந்து, வீட்டிலிருந்த கோதுமையில் ஒரு படியை அம்மியில் ஒன்றிரண்டாக உடைத்துக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்கவே இல்லை. குறிப்பில் பொறி வைக்கும் முறையை அவர் உரக்கப் படித்ததை அவள் காதில் வாங்கியிருந்தாள்.

இருட்டுவதற்குள் கிடங்குக்குத் திரும்பினார். நான்கு சாக்குத் துண்டுகளை மடித்து, மடிப்புக்குள் உடைத்த கோதுமையை வைத்து, நான்கு விரிசல்களின் வாயில் படுக்கவைத்தார். காவலாளி பார்த்துக்கொண்டே இருந்தார். "யாருக்கு விருந்து மூக்கரே?" "வந்தா தெரியும்" என்றார் மூக்கர்.

காலை ஒன்பதுக்கெல்லாம் லாரிகள் தெருமுனை வரை வரிசையாக நின்றன. முதல் லாரி இன்ஜினை அணைக்காமல் வாசலில் உறுமியது. சுமைக்காரர்கள் தலைத்துண்டை இறுக்கிக் கட்டி நின்றார்கள். மேலாளர் சான்றிதழை நீட்டினார்.

"ஒரு நிமிஷம் சார்."

முதல் மடிப்பைப் பிரித்தார். கோதுமை மட்டும். இரண்டாவது. கோதுமை. மூன்றாவதிலும் ஒன்றுமில்லை. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். லாரி டிரைவர் ஹார்ன் அடித்தார். ஒருவேளை எதுவுமே இல்லையோ என்று ஒரு நொடி மனசு குதித்தது. அந்தக் குதியை நினைத்து அடுத்த நொடியே கூசினார். நான்காவது மடிப்பு, வடக்கு மூலை. பிரித்து வெள்ளைத் தாளில் தட்டினார். உடைந்த கோதுமைக்கு நடுவே ஏழு பழுப்புப் புழுக்கள்.

மேலாளர் பேனா முனையால் ஒன்றைக் குத்தினார். அசையவில்லை. இன்னொன்றை. அசையவில்லை. "செத்ததுய்யா. உங்க மருந்துல செத்தது. கையெழுத்தைப் போடுங்க."

"செத்தது எப்படி சார் மடிப்புக்குள்ள நடந்து வந்துச்சு?"

"வார்த்தை விளையாட்டு வேண்டாம். பதினாறு லாரி நிக்குது. அசையாதது செத்ததுன்னு எழுதிட்டு நான் போயிட்டே இருப்பேன்."

மூக்கர் தாளை ஏந்திக்கொண்டு வெளியே நடந்தார். சீண்டினால் அசையாமல் பாவனை செய்யும் என்று குறிப்பில் இருந்தது. முதல் லாரியின் முன்னால் போய், பானெட்டின் இளஞ்சூடான ஓரத்தில் கைத்துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் தாளை வைத்தார். "யாரும் தொடாதீங்க. பேசாம பாருங்க."

"என் வண்டியை அடுப்பாக்கிட்டாரே" என்றார் டிரைவர். யாரும் சிரிக்கவில்லை. சுமைக்காரர்கள் சுற்றி நின்றார்கள். ஒரு நிமிடம். இரண்டு. மேலாளர் தொண்டையைச் செருமினார்.

ஓரத்தில் கிடந்த புழு தலையைத் தூக்கியது. பின்பக்க மயிர்க்கொத்து லேசாய் விறைத்தது. பிறகு சாவகாசமாக, வேலைக்குக் கிளம்புகிறவர் மாதிரி, ஒரு கோதுமைத் துண்டை நோக்கி நடந்தது. அடுத்து இன்னொன்று. பத்து நிமிடத்தில் ஏழில் ஐந்து ஊர்ந்துகொண்டிருந்தன.

"அடப்பாவி" என்றார் மூத்த சுமைக்காரர். "ரெண்டு வருஷம் பட்டினி கிடந்தும் சாகலையே."

"நாலு விரிசல்ல ஒரு விரிசல்ல அஞ்சு புழு" என்றார் மேலாளர். குரல் தணிந்திருந்தது. "பதினாறு லாரிக்கு அஞ்சு புழுவா?"

"விரிசலுக்குள்ள எத்தனைன்னு யாருக்கும் தெரியாது சார். ஒரு பொம்பள வண்டு அம்பது முட்டை போடும். இந்த வெயிலுக்கு ஒன்றரை மாசத்துல அடுத்த தலைமுறை. அது முதல்ல தின்னுறது முளையை. சாப்பாட்டுக் கோதுமை கெட்டா நாறும், தெரியும். விதை கெட்டா விதைச்சப்புறம்தான் தெரியும். அதுக்கப்புறம் மழை பெஞ்சு என்ன?"

மேலாளர் அவரையே பார்த்தார். பிறகு மெதுவாக, நல்ல ஆலோசனை சொல்கிற குரலில் சொன்னார். "அப்ப போன தடவை நீங்க கொடுத்த சான்றிதழ்? யோசிச்சுப் பேசுங்க. லாரியை வேற எடத்துக்கு அனுப்ப நூறு காரணம் இருக்கு. கூரை ஒழுகுதுன்னு எழுதிடலாம். இதெல்லாம் எதுக்கு?"

வழி திறந்துதான் இருந்தது. கூரை ஒழுகுகிறது. விதையும் பிழைக்கும், லைசென்ஸும் பிழைக்கும். கழிப்பறை கழுவுகிறவள் கழுவிக்கொண்டே இருப்பாள். மறுபடி ஒரு சாக்கு.

மூக்கர் பேனாவை வாங்கினார். சான்றிதழைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் எழுதினார். "உயிருள்ள பூச்சி சுவர் விரிசலில் உள்ளது. விரிசல்களைச் சிமெண்டால் அடைத்து, கூடுதல் அளவு வாயுவைக் கூடுதல் நாள் விட்டு, மறுபடி பொறி வைத்துப் பார்க்காமல் தானியம் ஏற்றக் கூடாது. இரண்டு ஆண்டுக்கு முன் நான் சுத்தம் என்று எழுதியது தவறு. பூச்சி சாக்கில் வரவில்லை." தேதி போட்டுக் கையெழுத்திட்டார். சுமைக்காரர் இருவரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டார்கள்.

லாரிகள் ஊர்க்கோடியில் இருந்த புதுக் கொட்டகைக்குத் திரும்பின. மத்தியானத்துக்குள் மூக்கரின் லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, தான் எழுதியதன் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

அவள் வாளியைக் கீழே வைத்து, கையைப் புடவையில் துடைத்து, தாளை வாங்கினாள். படிக்கத் தெரியாது. அவர் படித்துக் காட்டினார். புழு ஒடுங்கிக் கிடந்த கதையையும் சொன்னார்.

"ரெண்டு வருஷம் சுவத்துக்குள்ளயே தூங்கிச்சா?"

"ஆமாம்மா."

"நீங்களும்தான் அண்ணே" என்றாள். தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஆபீஸ்ல யார்கிட்ட குடுக்கணும்? நீங்களும் கூட வாங்க. கேட்டா படிச்சுக் காட்ட ஆள் வேணும்ல."

வாளியை ஓரமாகத் தள்ளிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். மூக்கர் பின்னால் போனார்.