ஜனவரிக்கு முந்தின நூற்றாண்டு

என் எழுத்து வரியை விட்டு இறங்கிக்கொண்டே போகும், ஒற்றெழுத்தும் விட்டுப்போகும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் மகளுக்கு அது கடைசி அரசுத் தேர்வு. அடுத்த முறை வயது தாண்டிவிடும். போன தடவை ஒரே மார்க்கில் போயிற்று. அன்று காலை சேலியமேட்டிலிருந்து வில்லியனூருக்கு மொபெட்டில் போனோம். உள்ளே விடமாட்டார்கள் என்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டாள்.

வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து கிழமைக் கணக்கைச் சொல்லிக்கொண்டே வந்தாள். தேதி, மாதத்துக்கு ஓர் எண், வருடத்துக்கு ஒன்று, நூற்றாண்டுக்கு ஒன்று. நான்கையும் கூட்டி ஏழால் வகுத்தால் மீதிதான் கிழமை. மீதி இல்லையென்றால் ஞாயிறு. ஜனவரியும் பிப்ரவரியும் மட்டும் இந்தக் கணக்கில் போன வருடத்து மாதங்கள்.

தேர்வுக்கூட வாசலில் இறங்கியதும் தன் பிறந்தநாளைப் போட்டுப் பார்த்தாள். 2000 ஜனவரி 22.

"தேதி இருவத்திரண்டு. ஜனவரிக்கு சைபர். போன வருசம் தொண்ணூத்தொம்பது, அதுக்கு நாலு. ரெண்டாயிரத்துக்கு சைபர். மொத்தம் இருவத்தாறு, மீதி அஞ்சு. வெள்ளிக்கிழம பொறந்திருக்கேன்பா!"

"சனிக்கிழமம்மா" என்றேன். செங்கல் சூளையில் சனிக்கிழமைதான் கூலி நாள். அவள் பிறந்த அன்று கூலியை வாங்காமலே ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் நான்.

"இன்னாப்பா நீ, கணக்கு பொய் சொல்லுமா?"

"சனிதாம்மா. நல்லா தெரியும்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "உள்ள போற நேரத்துல ஏம்பா இப்பிடிப் பண்ற?" கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடினாள். அவள் உள்ளே போனதும் கேட்டை மூடிவிட்டார்கள்.

எனக்கு யாரிடமும் போய்ப் பேச வராது. டீக்கடை வாசலில் நெடுநேரம் நின்றுவிட்டுத்தான் கடைக்காரரிடம் அந்தத் தேதியைப் போனில் பார்க்கச் சொன்னேன்.

"இன்னா அண்ணே, இம்மாம் பழைய காலண்டரு? பொண்ணு பாக்கப் போறியா?" சிரித்துக்கொண்டே தேடினார். "சனி."

அப்போதுதான் பிடிபட்டது. வருடத்தைத் தொண்ணூற்றொன்பதுக்குப் பின்னுக்குத் தள்ளியவள் நூற்றாண்டைத் தள்ள மறந்துவிட்டாள். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. அந்த நூற்றாண்டுக்கு அவள் வழியில் சொன்ன எண் ஒன்று. இருபத்தேழு, மீதி ஆறு, சனி. தெரிந்து என்ன? அவள் மதிலுக்கு அந்தப்பக்கம். கேட்டின் கம்பியைப் பிடித்தேன். காவலர் அதட்டினார். திரும்பி வந்து டீக்கடை ஓரமாக உட்கார்ந்தேன்.

வெளியே வந்தவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். மொபெட்டை எடுத்த பிறகுதான் சொன்னாள்.

"கிழமக் கேள்வி வந்துச்சுப்பா. ரெண்டாயிரம் பிப்ரவரி."

"நூத்தாண்ட..."

"மாத்துனேன். நீ சொன்னதால வெள்ளியா சனியான்னு உன் சனிய வெச்சே தேடித்தேடி அதக் கண்டுபுடிச்சேன். அதுக்குள்ள நேரம் போயிடுச்சி. கடைசி மூணு கேள்விய தொடவேயில்ல."

ஒன்று கிடைத்தது, மூன்று போயிற்று. நான் வாயைத் திறந்தது நல்லதா கெட்டதா என்று அவளும் சொல்லவில்லை. ரிசல்ட் இன்னும் வரவில்லை. வீட்டில் இரண்டு பேரும் சாப்பிடுவதோடு சரி, பேச்சு இல்லை.

இன்றைக்கும் பிப்ரவரிதான், போன வருடத்தை வைத்துப் போட்டேன். தேதி பதினைந்து, பிப்ரவரிக்கு மூன்று, இருபத்தைந்துக்கு மூன்று, நூற்றாண்டுக்குச் சைபர். இருபத்தொன்று, மீதி இல்லை.

2026 பிப்ரவரி 15, ஞாயிறு.