இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் ஒரு கோடு

கோடு டீச்சர்னா எங்க ஸ்கூல்ல தெரியாதவங்க கிடையாது. கணக்கு எடுக்கிறவங்க. எதை எண்ணினாலும் நாலு கோடு நிறுத்தி, அஞ்சாவதைக் குறுக்கே இழுத்து ஒரு கட்டாக்கிடுவாங்க. பால் பாக்கெட்டுக்கும் கோடு, அண்ணன் போன்ல கோவிச்சுக்கிட்டதுக்கும் கோடு. "இந்த வருஷம் அண்ணன் ரெண்டு கட்டு ஆயிட்டாரு டீச்சர்"னு சிரிக்காம சொல்வாங்க. நான் மொழிப்பாடம். எனக்கும் எண்ணுக்கும் ஏழாம் பொருத்தம்.

அன்னைக்கு மத்தியானம் வானம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. கரண்டும் போச்சு. ஸ்டாஃப் ரூம்ல நாங்க ரெண்டே பேர். கணக்குப் பரீட்சை மார்க்கை நிகழ்வெண் பட்டியலாப் போட்டு சாயங்காலத்துக்குள்ள கொடுக்கணும். அவங்க மார்க்கை வாசிக்க, நான் கோடு போட்டேன். பூஜ்யம்–இருபது, இருபது–நாற்பது, இப்படி நூறு வரைக்கும் அஞ்சு பிரிவு.

"நாற்பது வாங்கினவங்களை இருபது–நாற்பதுல போட்டுடாதீங்க. அது அடுத்த பிரிவுக்குப் போகணும்."

"தெரியும், நான் என்ன சின்னப் பிள்ளையா?"ன்னேன்.

போட்டு முடிச்சேன். நாலு, பத்து, பதினேழு, பதினொன்னு, அஞ்சு. பக்கத்துல ஒண்ணோட ஒண்ணு கூட்டிக்கிட்டே வந்து குவிவு நிகழ்வெண் எழுதினேன்: நாலு, பதினாலு, முப்பத்தொன்னு, நாற்பத்திரண்டு, நாற்பத்தேழு. அவங்க முகம் மாறிடுச்சு.

"பரீட்சை எழுதினது நாற்பத்தாறு பேர்தான் டீச்சர்."

வகுப்புல நாற்பத்தேழு பேர். ஒரு பொண்ணோட விடைத்தாளைக் காணோம், அதனால ஆபீஸ்ல 'வரவில்லை'ன்னு எழுதிட்டாங்க. 'நான் எழுதினேன்'னு அவ வந்து சொல்லியிருக்கா. அவ பேசுறது பக்கத்துல இருக்கிறவங்களுக்கே கேக்காது, யாரு நம்புவாங்க? இந்தப் பட்டியல் இப்படியே ஆபீஸுக்குப் போயிட்டா அவளுக்கு ஒரு வருஷம் வீண். பாவம்னு நினைச்சேன், அதோட விட்டுட்டேன்.

கோடு டீச்சர் மார்க் லிஸ்ட்டைப் பிரிவு பிரிவா எண்ணிப் பார்த்தாங்க. இருபது–நாற்பதுல மட்டும்தான் இடிச்சுது. ஒன்பதுதான். என் தாள்ல ரெண்டாவது கட்டு மூடியிருந்துச்சு, குறுக்குக் கோட்டோட.

நானே ஹெட்மாஸ்டர்கிட்ட ஓடினேன். "ஒரு கோட்டை அழிச்சிட்டுக் கொடுங்கம்மா, இதுக்குப் போய்!"ன்னாரு. திரும்பி வந்து ரப்பரை எடுத்தேன். கோடு டீச்சர் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"யாரோட கோட்டை அழிக்கப் போறீங்க?"

எரிச்சலா வந்துச்சு. சரி, வேற தாள், முதல்ல இருந்து. இந்தத் தடவை காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்தேன். "ஐம்பத்திரண்டு." போட்டேன். "முப்பத்தெட்டு." போட்டேன். "எழுபத்தொன்னு."

அவங்க நிறுத்தினாங்க. "ஐம்பத்திரண்டுக்கு அப்புறம் எதுக்கு இன்னொரு கோடு போட்டீங்க?"

"முப்பத்தெட்டுன்னீங்களே!"

"நான் சொல்லலை. இந்த லிஸ்ட்ல முப்பத்தெட்டே இல்லை."

சத்தியமா கேட்டேன். மெல்லிசா, பக்கத்துலயே. அவங்க குரல் மாதிரி இல்லைங்கிறது அப்பதான் உறைச்சுது. அவங்க லிஸ்ட்டை என் பக்கம் திருப்பினாங்க. ஐம்பத்திரண்டு. அடுத்த வரி அந்தப் பொண்ணோடது, 'வரவில்லை'. அதைத் தாண்டித்தான் எழுபத்தொன்னு வாசிச்சிருக்காங்க.

பீரோவைத் திறந்து விடைத்தாள் கட்டை இறக்கினோம். ஒவ்வொண்ணாப் பிரிச்சோம். ஐம்பத்திரண்டு வாங்கினவ நிறைய கூடுதல் தாள் வாங்கியிருந்தா, தடியா இருந்துச்சு அவ பேப்பர். அந்தத் தாள்களுக்கு நடுவுல, அதே நூல்ல கோர்த்து, இன்னொரு பேப்பர் முழுசா மாட்டியிருந்துச்சு. மேல அந்தப் பொண்ணோட நம்பர். யாரும் திருத்தாத பேப்பர்.

கோடு டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தாங்க. நான் எதிர்ல நின்னேன். முப்பத்தஞ்சு எடுத்தா பாஸ். ஒரு கணக்குல படி சரி, விடை தப்பு. அதுக்குப் பாதி மார்க் போட்டாங்க. எனக்காகவும் ஏத்தலை, அவளுக்காகவும் ஏத்தலை. அவங்க குணம் அப்படி. கூட்டி முடிச்சு, எண்ணை எழுதி, பேனாவை மூடிட்டாங்க.

முப்பத்தெட்டு.

பக்கத்து வகுப்புல இருந்து அவளைக் கூட்டிட்டு வரச் சொன்னோம். வாசல்ல வந்து நின்னா. "உன் பேப்பர் கிடைச்சுதும்மா"ன்னாங்க கோடு டீச்சர்.

"முப்பத்தெட்டு வருமா மிஸ்?"

அதே குரல். "உனக்கு எப்படிடீ தெரியும்?"னு கத்தியே விட்டேன்.

பயந்துட்டா. "கேள்வித்தாளை வச்சு வீட்டுல நானே போட்டுப் பார்த்தேன் மிஸ். யாருமே நம்பலை. அதான் வகுப்புல உக்காந்து அதையே சொல்லிக்கிட்டு இருந்தேன். யாருக்காவது கேக்காதான்னு."