மனைவிக்கு என்று மட்டும் எழுதி அனுப்பிய பணம்

மலேசியாவில், ஈப்போ வங்கியில் அன்று நான் போட்ட சத்தத்துக்கு என்னை வெளியே தள்ளாமல் விட்டதே பெரிய விஷயம். மறுநாள் காலை சென்னை ஆஸ்பத்திரியில் என் மனைவிக்கு இதய ஆப்பரேஷன். முன்பணம் வரவில்லை, சாயங்காலத்துக்குள் வராவிட்டால் தேதி தள்ளிப்போகும் என்று கூடப் போயிருந்த மகள் போனில் அழுதாள். நான் போன வாரமே அனுப்பிவிட்டேன். புந்தோங்கில் லாரிப் பட்டறையை அப்படியே போட்டுவிட்டு, கையில் கிரீஸோடு ஓடி வந்தேன்.

“வழியில எவனோ வெட்டிக்கிட்டான் லா! என் பொண்டாட்டி உசிரு அது!”

கவுண்டரில் தமிழ்ப் பெண். “அண்ணே, கத்துனா காசு வராது. உக்காருங்க” என்றவள், பணத்தோடு வங்கி இந்தியாவுக்கு அனுப்பிய செய்தியின் நகலை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

அனுப்புநர் இடத்தில் என் பெயர். பெறுநர் ஆஸ்பத்திரி. கணக்கு எண்ணை என் ரசீதோடு வைத்து இலக்கம் இலக்கமாகச் சரிபார்த்தாள். எண் சரியாகத்தான் இருந்தது.

“கட்டணக் குறியீடு DEBT. எல்லா சார்ஜும் உங்க தலையில. SHAR-னு, பங்கு போட்டுக்கிறதா இருந்தா நடுவுல உள்ள பேங்க் கழிச்சிருக்கும். உங்களது முழுசா போயிருக்கணும்.” நகலில் இருந்த நீளமான கண்காணிப்பு எண்ணைக் கணினியில் தட்டினாள். “முந்தாநாளே அவங்க கணக்குல சேர்ந்திருச்சுண்ணே.”

“அப்புறம் என்ன எழவுக்கு வரலங்கிறானுங்க?”

அவள் விரல் விவரம் எழுதும் வரிக்குப் போனது. அங்கே நான் எழுதிக் கொடுத்தது அப்படியே இருந்தது: ‘ஃபார் வைஃப் ஆப்பரேஷன்.’

“யாரோட வைஃப்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அக்கா பாஸ்போர்ட்டுல அவங்க அப்பா பேருதானே இருக்கும், உங்க பேரு இருக்காதே. நோயாளி நம்பர் என்ன?”

தெரியவில்லை. பட்டறைக்கு வரும் லாரிகளின் நம்பரெல்லாம் எனக்கு மனப்பாடம். இது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

மனைவிக்கே போன் போட்டேன். எதுவும் கேட்காமல், கையில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்து நம்பரை வாசித்தாள். அதையும் கண்காணிப்பு எண்ணையும் எழுதி, நகலோடு சேர்த்து ஆஸ்பத்திரிக் கணக்குப் பிரிவுக்கு என் போனிலிருந்தே மின்னஞ்சல் அனுப்ப வைத்தாள் அந்தப் பெண். பிறகு காத்திருந்தேன். உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

மகள் கூப்பிட்டாள். “கெடச்சிருச்சுப்பா. அம்மா பேருல ஏத்திட்டாங்க. நாளைக்கு ஆப்பரேஷன் இருக்கு.” வங்கி என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

“அம்மாகிட்ட குடு” என்றேன்.

மனைவி மெதுவாகச் சொன்னாள்:

“நீங்க அனுப்பவே இல்லன்னு நெனச்சேங்க. கேட்டா சங்கடப்படுவீங்கன்னு கேக்கல. திரும்பி வந்துரலாம்னு துணியெல்லாம் மடிச்சு வச்சுட்டேன்.”